மறையும் பெருக்கல் குறி: வினைவேகம் சொல்லும் இரண்டு கதைகள்

ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பெருக்கல் குறி ஒன்று போடுகிறோம். அதன்மேல் ஒரு கூம்புக் குடுவை. குடுவைக்குள் தண்ணீரைப் போலத் தெளிவாக இருப்பது சோடியம் தயோசல்பேட் கரைசல். ஆய்வகத்தில் இதை ‘ஹைப்போ’ என்பார்கள். அதில் கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டு, குடுவையின் வாய் வழியாகக் குறியை நேராகப் பார்க்கிறோம். முதலில் எதுவும் நடப்பதாகத் தெரியாது. பிறகு கரைசல் லேசாகக் கலங்கும், வெளிர் மஞ்சளாகும், கடைசியில் அடியில் இருக்கும் குறி முழுவதுமாக மறைந்துவிடும். அமிலம் விழுந்ததிலிருந்து குறி மறையும்வரை எத்தனை விநாடி என்பதுதான் இந்தச் சோதனையின் ஒரே அளவீடு.

மேல்நிலைப் பள்ளி வேதியியல் படித்த பலருக்கும் இது தெரிந்த சோதனைதான். வினைவேகத்தைப் பாதிக்கும் காரணிகளைச் சொல்லச் சொன்னால் செறிவு, வெப்பநிலை, புறப்பரப்பு என்று பட்டியலும் வந்துவிடும். ஏன் என்று கேட்டால் மூன்றுக்கும் ஒரே பதிலைத்தான் பெரும்பாலான செய்முறைப் பதிவேடுகளில் பார்க்கலாம்: “துகள்கள் அதிகமாக மோதுகின்றன, அதனால் வேகம் கூடுகிறது.” செறிவுக்கும் புறப்பரப்புக்கும் இந்தப் பதில் சரி. வெப்பநிலைக்கு இது உண்மையின் சிறு பகுதி மட்டுமே. அதை எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல், இந்தச் சோதனை தரும் எண்களை வைத்தே காட்டிவிடலாம்.

குடுவைக்குள் நடப்பது

வினையின் சமன்பாடு இது:

Na₂S₂O₃ + 2HCl → 2NaCl + SO₂ + S + H₂O

வலப்பக்கத்தில் இருப்பவற்றில் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். கந்தக டை ஆக்சைடின் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கும், கொஞ்சம் மூக்கைத் துளைக்கும் நெடியாக வெளியே வரும். கந்தகம் மட்டும் நீரில் கரையாது. அது மிக நுண்ணிய துகள்களாகக் கரைசல் முழுவதும் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. துகள்கள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சேர்ந்ததும் அடியில் உள்ள குறியிலிருந்து வரும் ஒளி நம் கண்ணை வந்து சேர்வதில்லை.

சோதனை முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒரே தாள், ஒரே குறி, ஒரே குடுவை, ஒரே திரவ ஆழம், பார்ப்பதற்கு ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு கந்தகம் உருவானதும் குறி மறையும். ஒரே அளவு விளைபொருள் உருவாக ஒரு முறை 30 விநாடியும் இன்னொரு முறை 60 விநாடியும் ஆனால், இரண்டாவது வினையின் வேகம் முதலாவதில் பாதி. ஆகவே ஒன்றை நேரத்தால் வகுத்து வருவதை வேகத்தின் அளவாக எடுத்துக்கொள்ளலாம். அது மிகச் சிறிய தசமமாக வரும் என்பதால், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று 1,000-ஐ நேரத்தால் வகுப்பது வழக்கம்.

செறிவை மாற்றிப் பார்த்தல்

ஒரு லிட்டர் கரைசலில் 40 கிராம் ஹைப்போ படிகம் இருக்கும்படி தயாரித்துக்கொள்ள வேண்டும். இதன் செறிவு சுமார் 0.16 மோலார். கூடவே 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காய்ச்சி வடித்த நீரும் வேண்டும். முதல் ஓட்டத்தில் 50 மி.லி. ஹைப்போ கரைசலை அப்படியே குடுவையில் எடுத்து, 5 மி.லி. அமிலத்தைச் சேர்த்த கணமே நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். குடுவையை ஒரு முறை சுழற்றிக் கலக்கிவிட்டுக் குறியின்மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். அடுத்த ஓட்டத்தில் 40 மி.லி. ஹைப்போவோடு 10 மி.லி. நீர், அதற்கடுத்து 30-உம் 20-உம், பிறகு 20-உம் 30-உம், கடைசியில் 10-உம் 40-உம்.

நீர் சேர்ப்பதை வெறும் சடங்காக நினைத்து விட்டுவிடக் கூடாது. மொத்தப் பருமன் எப்போதும் 50 மி.லி. ஆக இருந்தால்தான் திரவத்தின் ஆழம் மாறாது, அதில் கலக்கும் அமிலத்தின் செறிவும் மாறாது. நீர் சேர்க்காமல் 10 மி.லி. ஹைப்போவை மட்டும் எடுத்தால் ஹைப்போவின் செறிவு நாம் நினைத்த அளவுக்குக் குறையாது. அமிலத்தின் செறிவு ஏறிவிடும். ஆழம் குறைந்துவிட்டதால் குறியை மறைக்க இன்னும் அடர்த்தியான கலங்கல் தேவைப்படும். அதன்பின் நேரம் ஏன் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

30 டிகிரி செல்சியஸில், 50, 40, 30, 20, 10 மி.லி. ஹைப்போவுக்கு முறையே 30, 38, 51, 78, 165 விநாடி வந்ததாக வைத்துக்கொள்வோம். பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கக்கூடிய அளவுகளை ஒட்டி அமைத்த மாதிரி எண்கள் இவை. குறியின் தடிமனோ குடுவையின் அகலமோ மாறினால் எண்கள் மாறும், போக்கு மாறாது.

ஹைப்போ 40-லிருந்து 20 மி.லி. ஆகப் பாதியானபோது நேரம் 38-லிருந்து 78 ஆகி, ஏறத்தாழ இரட்டித்திருக்கிறது. 1,000-ஐ நேரத்தால் வகுத்தால் வேகங்கள் சுமார் 33, 26, 20, 13, 6 என்று வரும். ஹைப்போவின் அளவை கிடை அச்சிலும் வேகத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் தொடக்கப் புள்ளியை நோக்கிச் செல்லும் நேர்கோடு கிடைக்கும். செறிவு இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்கு என்பதே அந்தக் கோட்டின் பொருள்.

கூர்ந்து பார்ப்பவருக்கு இந்த எண்களில் இன்னொன்றும் தெரியும். நேரம் செறிவுக்கு மிகச் சரியாக எதிர்விகிதத்தில் இருந்தால், ஹைப்போவின் பருமனை நேரத்தால் பெருக்கி வருவது எல்லா ஓட்டத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் அது 1,500. கடைசி ஓட்டத்தில் 1,650. நீர்த்த கரைசல் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் மெதுவாகவே ஓடியிருக்கிறது. இது அளந்தவரின் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குறியை மறைக்கத் தேவையான கந்தகத்தின் அளவு மாறாதது. அடர்ந்த கரைசலில் அந்த அளவு, இருந்த ஹைப்போவில் ஒரு சிறு பங்கைச் செலவழித்தாலே வந்துவிடும். நீர்த்த கரைசலிலோ அதே அளவுக்கு ஐந்து மடங்கு பெரிய பங்கு செலவாக வேண்டும். குறி மறைவதற்குள் அங்கே செறிவு கணிசமாக இறங்கிவிடுகிறது, வேகமும் கூடவே இறங்குகிறது. அதாவது இந்த முறை தருவது தொடக்க வேகத்தை அல்ல, குறி மறையும்வரையிலான சராசரி வேகத்தை. கோட்டின் கீழ்முனை சற்றே கீழிறங்குவதை இப்படி விளக்கி எழுதத் தெரிந்தவர் சோதனையை உண்மையாகவே புரிந்துகொண்டவர்.

மோதலும் தகுதியுள்ள மோதலும்

செறிவு கூடினால் வேகம் ஏன் கூட வேண்டும்? வினைபடும் துகள்கள் ஒன்றோடொன்று மோதினால்தான் வினை நடக்க முடியும் என்பது மோதல் கொள்கையின் முதல் கூற்று. ஒரே இடத்தில் இரண்டு மடங்கு தயோசல்பேட் அயனிகள் இருந்தால், ஒரு விநாடியில் அவை ஹைட்ரஜன் அயனிகளைச் சந்திக்கும் தடவைகளும் இரண்டு மடங்காகும். ஒவ்வொரு துகளும் முன்பிருந்த அதே வேகத்தில், அதே வலுவோடுதான் மோதுகிறது. கூடியது மோதல்களின் எண்ணிக்கை மட்டுமே.

ஆனால் மோதிய எல்லாமே வினைபுரிந்துவிடாது. அப்படி நடந்தால் ஆய்வகத்தில் எந்த வினையும் விநாடிக் கணக்கில் நீடிக்காது, கலந்த கணமே முடிந்துவிடும். பழைய பிணைப்புகள் தளர்ந்து புதியவை உருவாக ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அதைக் கிளர்வு ஆற்றல் என்கிறோம். போதிய ஆற்றல் இல்லாத துகள்கள் மோதிவிட்டு, மாற்றம் எதுவுமின்றி விலகிப் போகின்றன. ஆற்றலோடு, மோதும் திசையும் சரியாக அமைய வேண்டும். தேங்காயை மெதுவாக நூறு முறை தட்டினாலும் அது உடைவதில்லை. சரியான இடத்தில் ஓங்கி ஒரே அடி போதும்.

இந்தச் சிந்தனை ஒரே நாளில் வந்ததல்ல. 1850-இல் ஜெர்மனியின் லுட்விக் வில்ஹெல்மி, அமிலத்தில் கரைத்த கரும்புச் சர்க்கரை சிதைவதை அளந்து, வேகம் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது என்று காட்டினார். 1889-இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் அதே சர்க்கரை வினையை எடுத்துக்கொண்டு, வெப்பநிலை ஏறும்போது வேகம் இவ்வளவு கூடுவதற்குத் துகள்களின் ஓட்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று வாதிட்டார். போதிய ஆற்றல் பெற்ற சில மூலக்கூறுகளே வினைபுரிகின்றன என்ற எண்ணம் அங்கிருந்து கிளம்பியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஜெர்மனியில் மாக்ஸ் டிராட்ஸ் 1916-இலும், இங்கிலாந்தில் வில்லியம் லூயிஸ் 1918-இலும் தனித்தனியாக அதை மோதல் கொள்கையாக வடித்தார்கள்.

வெப்பநிலை: கணக்கு எங்கே உதைக்கிறது

அரீனியஸ் சொன்னதை நம் குடுவையிலேயே சரிபார்க்கலாம். 20 மி.லி. ஹைப்போவும் 30 மி.லி. நீரும் கொண்ட கலவையை மாற்றாமல் வைத்துக்கொண்டு, வெப்பநிலையை மட்டும் மாற்ற வேண்டும். 30 டிகிரியில் 78 விநாடி என்று முன்பே பார்த்தோம். 40 டிகிரியில் 42 விநாடி, 50-இல் 24, 60-இல் 14 என்று வந்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் இரண்டு மடங்கை நெருங்குகிறது. செறிவுக்குக் கிடைத்த நேர்கோடு இங்கே கிடைக்காது. வேகத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் மேலே செல்லச் செல்லச் செங்குத்தாகும் வளைகோடு வரும்.

இப்போது “வேகமாக ஓடுகின்றன, அதிகமாக மோதுகின்றன” என்ற விளக்கத்தை எண்களால் சோதிப்போம். துகள்களின் சராசரி வேகம் தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸ் என்பது 303 கெல்வின், 40 டிகிரி என்பது 313 கெல்வின். 313-ஐ 303-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.016. அதாவது 10 டிகிரி சூடாக்கியதில் துகள்களின் வேகம் கூடியது 1.6 சதவீதம் மட்டுமே. வாயுவாக இருந்தால் மோதல்களும் ஏறத்தாழ அந்த அளவுக்கே கூடும். கரைசலில் சூடேறும்போது நீரின் பாகுத்தன்மையும் குறைவதால் துகள்கள் ஒன்றையொன்று சந்திப்பது இன்னும் கொஞ்சம் கூடலாம். கால் பங்கு அளவுக்குக் கூடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாம் அளந்த வேகமோ 85 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. மோதல்களின் எண்ணிக்கையை வைத்து இதை விளக்கவே முடியாது.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? மேலே உள்ள நேரங்களை அரீனியஸின் சமன்பாட்டில் இட்டால் கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 48 கிலோஜூல் என்று வருகிறது. இந்தத் தடையைத் தாண்டும் ஆற்றலோடு நடக்கும் மோதல்களின் பங்கைக் கணக்கிட்டால், 30 டிகிரியில் நூறு கோடி மோதலுக்கு ஏறத்தாழ ஐந்துதான். மற்ற அத்தனையும் வீண் மோதல்கள். 40 டிகிரியில் அந்த ஐந்து ஏறத்தாழப் பத்தாகிறது. 60 டிகிரியில் முப்பதை நெருங்குகிறது. நம் கடிகாரம் காட்டிய மாற்றம் கிட்டத்தட்ட முழுவதும் இங்கேயே இருக்கிறது.

சராசரி ஆற்றல் வெறும் 3 சதவீதம் உயரும்போது, தடையைத் தாண்டுவோர் எண்ணிக்கை எப்படி இரட்டிக்கும் என்ற கேள்வி எழலாம். எந்த வெப்பநிலையிலும் எல்லாத் துகள்களும் ஒரே ஆற்றலோடு இருப்பதில்லை. பெரும்பாலானவை சராசரியை ஒட்டியும், மிகச் சில மட்டும் மிக அதிக ஆற்றலோடும் இருக்கும். கிளர்வு ஆற்றல் சராசரியைவிடப் பல மடங்கு மேலே இருப்பதால், வினைபுரிபவை எல்லாம் அந்த மிகச் சிலவற்றைச் சேர்ந்தவையே. சராசரி சற்றே உயர்ந்தாலும், அந்த அரிய கூட்டம் விகிதத்தில் பெருமளவு பெருகிவிடுகிறது. எனவே வெப்பநிலைக்கான சரியான விளக்கம் மோதலின் எண்ணிக்கையில் இல்லை, மோதலின் தரத்தில் இருக்கிறது.

சூடான ஓட்டங்களில் கவனிக்க வேண்டியவை

வெப்பநிலைப் பகுதியில்தான் பிழைகள் அதிகம் நுழைகின்றன. ஹைப்போவைச் சரியாக 60 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, அறை வெப்பநிலையில், அதாவது 30 டிகிரியில் இருக்கும் 5 மி.லி. அமிலத்தை ஊற்றினால் கலவையின் வெப்பநிலை என்ன ஆகும்? 50 மி.லி. 60 டிகிரியிலும் 5 மி.லி. 30 டிகிரியிலும் கலந்தால் ஏறத்தாழ 57 டிகிரி. பதிவேட்டில் 60 என்று எழுதியிருப்போம், வினை நடந்தது 57-இல். இந்த மூன்று டிகிரி அற்பமாகத் தோன்றலாம். நாம் கண்ட கிளர்வு ஆற்றலுக்கு அது வேகத்தை ஏழில் ஒரு பங்கு மாற்றப் போதுமானது. 14 விநாடியில் மறைய வேண்டிய குறி 16 விநாடி எடுத்துக்கொள்ளும். அதனால் வெப்பமானியைக் கலந்தபின் வைத்து ஒரு முறையும், குறி மறைந்ததும் ஒரு முறையும் படித்து, இரண்டின் சராசரியை எழுத வேண்டும். இன்னும் நல்ல வழி, அமிலத்தையும் சோதனைக் குழாயில் எடுத்து அதே வெந்நீர்த் தொட்டியில் வைத்து இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்தபின் கலப்பது.

நேரம் குறையக் குறையக் கை தாமதத்தின் எடையும் கூடுகிறது. கடிகாரத்தை அழுத்துவதில் அரை விநாடி தவறினால், 78 விநாடியில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 14 விநாடியில் அதுவே மூன்றரை சதவீதம். ஒவ்வொரு ஓட்டத்தையும் திரும்பச் செய்து சராசரி எடுப்பது சூடான பக்கத்தில்தான் மிகவும் அவசியம். வெப்பநிலைச் சோதனைக்கு நீர்த்த கலவையைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். முழுச் செறிவில் செய்திருந்தால் 60 டிகிரியில் அமிலத்தைக் கலந்து முடிப்பதற்குள் குறி மறைந்திருக்கும்.

கண்ணாடியில் படியும் கந்தகம் இன்னொரு தொல்லை. முந்தைய ஓட்டத்தின் கந்தகம் குடுவையின் அடியில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் அடுத்த முறை குறி முன்கூட்டியே மறையும். ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குறி மறைந்ததும் கரைசலைச் சோடியம் கார்பனேட் கரைசல் உள்ள வாளியில் ஊற்றி, குடுவையை உடனே கழுவிவிட வேண்டும். கார்பனேட் அமிலத்தைச் சமன் செய்து வினையை நிறுத்திவிடும். கந்தக டை ஆக்சைடு மேலும் கிளம்பாது. அந்த வாயு சுவாசக் குழாயை எரிச்சலூட்டக் கூடியது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. சூட்டில் கரைதிறன் குறைந்து அது இன்னும் அதிகமாக வெளியேறும். அதனால் 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், குடுவைக்கு நேர்மேலே முகத்தை நெருக்கமாக வைத்துப் பார்க்கக் கூடாது.

புறப்பரப்பு: பளிங்குத் துண்டுகள் காட்டுவது

புறப்பரப்பைச் சோதிக்க ஹைப்போ உதவாது. அங்கே இரண்டு வினைபொருள்களும் கரைந்த நிலையில் அயனி அயனியாகக் கலந்திருக்கின்றன. ஒரு திடப்பொருள் வேண்டும். அதற்குப் பளிங்கு, அதாவது கால்சியம் கார்பனேட் சரியான தேர்வு.

CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂

கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் குடுவையின் நிறை குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவை மின்னணுத் தராசில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை படித்தால் வினையின் வேகம் தெரிந்துவிடும். 10 கிராம் பளிங்கை எடுத்து 50 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, குடுவையின் வாயைப் பஞ்சால் தளர்வாக அடைக்க வேண்டும். பஞ்சு வாயுவை விடும், நுரை தெறிப்பதால் பறக்கும் அமிலத் துளிகளை விடாது. பஞ்சு இல்லையென்றால் தெறித்துப்போன அமிலமும் வாயுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளை ஒரு முறையும், மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள சில்லுகளை ஒரு முறையும், தூளை ஒரு முறையும் எடுப்போம். முதல் நிமிடத்தில் பெரிய துண்டுகள் 0.15 கிராம், சில்லுகள் 0.4 கிராம், தூள் ஒரு கிராம் அளவுக்கு வாயுவை இழந்ததாக மாதிரிக்கு வைத்துக்கொள்வோம். ஆனால் எவ்வளவு நேரம் ஆனாலும், மூன்றும் கடைசியில் வந்து நிற்க வேண்டிய இடம் ஒன்றே. 50 மி.லி. அமிலம் முழுவதும் தீர்ந்தால் 1.1 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும் என்பது சமன்பாட்டிலிருந்தே கிடைக்கிறது. அதற்கு 2.5 கிராம் பளிங்கு போதும். மிச்சம் அப்படியே கிடக்கும். வாயுவில் கொஞ்சம் கரைசலிலேயே தங்கிவிடுவதால் தராசு 1.1-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டலாம். வரைபடத்தில் மூன்று வளைகோடுகள் வெவ்வேறு செங்குத்தில் கிளம்பி ஒரே மட்டத்தில் சமமாகும். புறப்பரப்பு மாற்றுவது வேகத்தை. விளைபொருளின் அளவை அல்ல.

காரணம் வடிவியலில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பளிங்கின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 6 சதுர மில்லிமீட்டர். மொத்தம் 60 சதுர சென்டிமீட்டர். பளிங்கின் நிறை துளியும் கூடவில்லை, அமிலம் தொடக்கூடிய இடம் பத்து மடங்காகிவிட்டது. துண்டின் உள்ளே புதைந்திருக்கும் கார்பனேட் அயனியை எந்த ஹைட்ரஜன் அயனியும் மோத முடியாது, வெளிப்பரப்பில் இருப்பதைத்தான் மோத முடியும். ஆக இங்கேயும் கூடுவது மோதல்களின் எண்ணிக்கையே. ஒவ்வொரு மோதலின் வலு மாறவில்லை, கிளர்வு ஆற்றலும் மாறவில்லை.

பரப்பின் பங்கை இன்னும் தெளிவாகக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலத்தைப் பளிங்குத் துண்டுகள்மேல் ஊற்றினால் முதலில் விறுவிறுவென்று நுரைக்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். அமிலமும் தீரவில்லை, பளிங்கும் தீரவில்லை. நீரில் அரிதாகவே கரையும் கால்சியம் சல்பேட் பளிங்கின்மேல் படலமாகப் படிந்து, அமிலம் பரப்பைத் தொடவிடாமல் தடுத்துவிட்டது. மோதல் நின்றது, வினையும் நின்றது.

கொள்கையின் எல்லை

மோதல் கொள்கையை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிட முடியாது என்பதையும் ஹைப்போ சோதனையே கற்றுத் தருகிறது. ஹைப்போவை அப்படியே வைத்து அமிலத்தின் செறிவை மட்டும் மாற்றிப் பாருங்கள். செறிவு இரட்டித்தால் வேகமும் இரட்டிக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். குறி மறையும் நேரமோ அந்த அளவுக்கு மாறுவதில்லை. சமன்பாட்டில் இரண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது என்பதால், மூன்று துகள்கள் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் மோதிக் கந்தகத்தை உதிர்க்கின்றன என்று பொருளல்ல. இந்த வினை பல படிகளாக நடக்கிறது. அவற்றில் மெதுவான படியில் யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும். சமன்பாடு தொடக்கத்தையும் முடிவையும் சொல்கிறது, வழியைச் சொல்வதில்லை. வழியை அறியச் சோதனை ஒன்றே கருவி.

ஆகவே இந்தச் சோதனையின் முடிவுரையை எழுதப் போகிற மாணவர்களுக்கும், அதைத் திருத்தப் போகிற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று காரணிகளையும் ஒரே வாக்கியத்தில் அடக்காதீர்கள். செறிவுக்கும் புறப்பரப்புக்கும் “ஒரு விநாடியில் நடக்கும் மோதல்கள் கூடுகின்றன, ஒவ்வொரு மோதலும் வினையாகும் வாய்ப்பு மாறவில்லை” என்று எழுதுங்கள். வெப்பநிலைக்கு “மோதல்கள் சற்றே கூடுகின்றன, ஆனால் கிளர்வு ஆற்றலை எட்டும் மோதல்களின் பங்கு பெருமளவு கூடுவதே முதன்மைக் காரணம்” என்று எழுதுங்கள். கீழே 78 விநாடி, 42 விநாடி என்ற இரண்டு எண்களையும் 1.6 சதவீதம் என்ற ஒரு கணக்கையும் சேர்த்துவிட்டால், அந்த வாக்கியத்துக்கான சான்று உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும்.